'ஜாப்' என்று மட்டும் வந்த செய்தி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் கன்சல்டன்சி ஒன்றின் வாட்ஸ்அப் எண்ணைக் காலையில் திறந்தால், இரவு முழுக்க வந்து குவிந்த செய்திகளில் நிறைய ஒரே சொல்லாக இருக்கும். 'ஜாப்'. சிலர் 'வேலை இருக்கா' என்று கேட்டிருப்பார்கள். சிலர் 'ஹாய் மேடம்' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, என்ன படிப்பு என்பதும் இருக்காது. முகப்புப் படத்தில் பைக்கோ நடிகரோ முருகனோ இருப்பார்கள்.

இந்தத் தொழிலில் புதிதாக வந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். வேலை வேண்டும் என்பவன் இரண்டு வரி எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். அவர்களிடம் நான் முதலில் காட்டுவது எங்கள் சுவரொட்டியைத்தான். வாலாஜாபாத் பேருந்து நிறுத்தத்தில், காஞ்சிபுரத்து மின்கம்பங்களில், ஐடிஐ வாசல்களில் ஒட்டுகிற நோட்டீஸில் நாமேதான் அச்சடித்திருக்கிறோம்: வேலை தேவைப்படுவோர் இந்த எண்ணுக்கு 'ஜாப்' என்று வாட்ஸ்அப் அனுப்பவும். நாம் சொன்னதைத்தான் அவன் செய்திருக்கிறான். இணைய விளம்பரத்தைத் தொட்டு வருபவர்களுக்கோ அந்தச் சொல்லைத் தட்டும் வேலைகூட இல்லை. விளம்பரம் போட்டவர் முன்கூட்டியே எழுதி வைத்தது அப்படியே போய்விடுகிறது. பலருக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது, ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். எண் உயிரோடு இருக்கிறதா, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கே முதல் செய்தி அனுப்புகிறார்கள். பதில் வந்தால்தான் பேச்சு.

ஆகவே தேவையைக் குறுக்கிக் கொண்டுவருவது, பதில் எழுதுகிறவரின் வேலை. இது எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். ஆள் கற்பனை, ஆனால் இவனைப் போன்றவர்களோடு எந்த கன்சல்டன்சிக்காரரும் வாரத்துக்குப் பலமுறை பேசியிருப்பார். பதில் சொல்லும் மேடத்தின் மேசையில் இன்று எட்டு இடங்கள் காலி என்று வைத்துக்கொள்வோம். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு ஐடிஐ முடித்தவர்கள். சுங்குவார்சத்திரத்தில் மின்னணுக் கம்பெனியின் அசெம்பிளி லைனுக்குப் பெண்கள், ஹாஸ்டலோடு. ஸ்ரீபெரும்புதூரில் சிஎன்சி செட்டர், மூன்று வருட அனுபவம். இருங்காட்டுக்கோட்டையில் குடோன் வேலை, பத்தாம் வகுப்பு போதும். மறைமலைநகரில் தரப் பரிசோதனைக்கு டிப்ளமோ. அம்பத்தூரில் டெலிகாலர். செய்யாறு சிப்காட்டில் இயந்திரம் கோர்க்கும் கம்பெனிக்கு ஃபிட்டர். அதே சிப்காட்டில் ஷூ கம்பெனிக்கு ஆபரேட்டர்.

சாதாரணமாக இங்கே மூன்று விதமான பதில்கள் போகும். முதலாவது, எட்டையும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுவது. அனுப்புகிறவருக்குச் சுலபம். வாங்குகிறவன் அதில் சம்பளத் தொகையை மட்டும் பார்ப்பான். பெரிய எண் எதுவோ அதற்கு 'ஓகே' போடுவான். நேர்காணலுக்குப் போய் நின்ற பிறகுதான் மூன்று வருட செட்டர் அனுபவம் கேட்டார்கள் என்று தெரியும். இரண்டாவது, பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்தை அனுப்பி நிரப்பச் சொல்வது. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஆதார், முகவரி என்று அது போகும். பஸ்ஸில் நின்றுகொண்டு கைபேசியைப் பார்ப்பவன் அதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைப்பான். அந்த அப்புறம் வராது. தவிர, அதில் பாதிக் கட்டங்கள் வேலைக்குச் சேரும் அன்றுதான் தேவை.

மூன்றாவது பதில்தான் பார்க்க நியாயமாகத் தெரிவது: 'என்ன வேலை வேணும்?' என்று திருப்பிக் கேட்பது. ஆனால் நான் இந்தக் கேள்வியைத்தான் அதிகம் எதிர்க்கிறேன். இது பதில் சொல்ல முடியாத கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவனுக்கு நம் மேசையில் என்னென்ன இருக்கிறது, எதற்கு என்ன பெயர், தன் படிப்புக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் அவன் நம்மிடம் வந்திருக்கவே மாட்டான். தெரியாதவன் என்ன செய்வான்? தப்பாகச் சொல்லி வாய்ப்பை இழந்துவிடக் கூடாது என்று, 'எதுவா இருந்தாலும் பரவாயில்ல மேடம்' என்பான். இப்போது இரண்டு செய்திகள் போய் வந்திருக்கின்றன, எட்டு இடங்கள் எட்டாகவே இருக்கின்றன.

கேட்க வேண்டியது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை. யோசிக்காமல், ஒரு சொல்லில், வெட்கப்படாமல் சொல்லக் கூடியதை. அப்படிப்பட்ட கேள்விகளிலும் எதை முதலில் கேட்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: எந்தப் பதில் மேசையிலிருந்து அதிக இடங்களைத் தள்ளுமோ, அது முன்னால் வர வேண்டும். 'ஷிஃப்ட் ஒத்துக்குமா' என்ற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் எட்டில் ஆறு இடங்களில் ஷிஃப்ட் உண்டு என்றால், 'ஒத்துக்கும்' என்ற பதிலால் தொடக்கத்தில் நமக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஊரும் படிப்பும் அப்படி இல்லை. இரண்டும் சேர்ந்து பட்டியலைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும்.

ஆகவே மேடம் இப்படி எழுதுகிறார்: 'வணக்கம்ங்க. இருக்குங்க. நீங்க எந்த ஊர்? எங்க நோட்டீஸ் பார்த்து அனுப்பினீங்கன்னா அந்தப் போட்டோவையும் அனுப்புங்க.' முதலில் 'இருக்கு' என்று சொல்லிவிட்டதைக் கவனியுங்கள். அவன் கேட்டதற்கு அதுதான் பதில். அதைச் சொல்லாமல் கேள்வியாக அடுக்கினால், விசாரணை போலத் தோன்றும். நோட்டீஸின் படத்தைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பழைய சுவரொட்டியைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டு, அது குழுக் குழுவாகச் சுற்றி, ஆட்கள் எடுத்து முடித்து மாதங்கள் ஆன இடத்துக்கு இன்றைக்கும் செய்தி வரும். எதைப் பார்த்து வந்தான் என்று தெரிந்தால், அவன் மனத்தில் இருக்கும் தொகையும் ஊரும் நமக்குத் தெரிந்துவிடும். அந்த இடம் முடிந்துவிட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் முதன்முறை எழுதுகிறவருக்கும், பதினான்கு நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுகிறவருக்கும் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி ஒன்றை அமைத்து வைக்கலாம். இந்த முதல் கேள்வியை அதில் வைத்தால், இரவு பதினொரு மணிக்கு 'ஜாப்' என்று அனுப்பியவன் காலைக்குள் ஊரைச் சொல்லியிருப்பான். ஆனால் அதில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். மூன்றைச் சேர்த்து வைத்தால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும், அல்லது எதற்கும் வராது.

நம் ஆள் பதில் அனுப்புகிறான்: 'வந்தவாசி பக்கம் மேடம்.' நோட்டீஸ் படம் இல்லை, நண்பன் எண் கொடுத்தானாம்.

அடுத்தது படிப்பு. 'என்ன படிச்சிருக்கீங்க' என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். படித்தது வேறு, தேர்ச்சி பெற்றது வேறு, சான்றிதழ் கைக்கு வந்தது வேறு. டிப்ளமோவில் இரண்டு பேப்பர் அரியர் வைத்திருப்பவரும் 'டிப்ளமோ மெக்கானிக்கல்' என்றுதான் சொல்வார். அது பொய் ஆகாது. மூன்று வருடம் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஆனால் டிப்ளமோ கேட்கும் கம்பெனியின் வாசலில் சான்றிதழைக் காட்டச் சொல்லும்போது திரும்பி வர வேண்டியிருக்கும். அதனால் கேள்வியை இப்படி வைக்க வேண்டும்: 'கடைசியா என்ன முடிச்சீங்க? சர்டிபிகேட் கையில இருக்கா?' இப்படிக் கேட்டால் அரியர் இருப்பவருக்கும் தன்மானம் குறையாமல் பதில் சொல்ல வழி இருக்கிறது: 'இன்னும் வரல மேடம்.' அவரைப் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியில் வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

நம் ஆள் ஐடிஐ ஃபிட்டர். இரண்டு வருடப் படிப்பு, பாஸ், சான்றிதழ் இருக்கிறது. இருபத்திரண்டு வயது. இப்போது பட்டியல் தானாகச் சுருங்குகிறது. பெண்களுக்கான லைன், டிப்ளமோ இடம், டெலிகாலர் மூன்றும் போயின. மிஞ்சியவை ஒரகடம், செட்டர், குடோன், செய்யாறு ஃபிட்டர், ஷூ கம்பெனி. குடோன் வேலை அவன் படிப்புக்குக் கீழே. வேறு வழியில்லை என்றால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஷூ கம்பெனியும் அப்படியே.

செட்டர் இடத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் எழுதுகிறான்: 'சிஎன்சி தெரியும் மேடம்.' இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அனுப்பினால்தான் நேர்காணலில் அவமானப்பட்டு வருவார்கள். சிஎன்சி தெரியும் என்பதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஆபரேட்டர் என்பவர் பொருளை மாட்டி, பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி, அளவு சரியா என்று பார்ப்பவர். செட்டர் என்பவர் புது வேலைக்கு மெஷினைத் தயார் செய்பவர். எந்த டூல், எவ்வளவு தள்ளி, தேய்ந்தால் எவ்வளவு திருத்தம் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இரண்டுக்கும் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் உண்டு. இதைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: 'டூல் ஆஃப்செட் நீங்களே போடுவீங்களா, செட்டர் போட்டுத் தருவாரா?' ஆபரேட்டராக இருந்தவர் தயங்காமல் 'செட்டர் போடுவாரு' என்று சொல்லிவிடுவார், அதில் அவருக்குக் குறைவொன்றும் தெரியாது. 'உங்களுக்கு எந்த அளவு தெரியும்' என்று கேட்டிருந்தால் 'நல்லா தெரியும்' என்றிருப்பார்.

இதே மாதிரிக் கேள்வி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று உண்டு. வெல்டரிடம், ஆர்க் வெல்டிங்கா, சிஓ-டூவா, டிக்கா. டிரைவரிடம், லைசென்ஸில் என்ன வண்டி எழுதியிருக்கிறது. செய்த வேலையைக் கேட்டால் உண்மை வரும்; திறமையைக் கேட்டால் தன்னம்பிக்கைதான் வரும்.

நம் ஆளும் ஆஃப்செட் போட்டதில்லை; செட்டர் இடமும் போயிற்று. ஒரகடமும் செய்யாறும்தான் இப்போது முன்னால் நிற்கின்றன. சம்பளம் ஒரகடத்தில் அதிகம். அவசரக்காரர் இங்கேயே முடித்துவிடுவார்: ஒரகடத்துக்கு லைன்-அப் போட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு கேட் முன்னால் வரச் சொல்லிவிடுவார். பையனும் வருவான், தேர்வும் ஆவான். ஆனால் மூன்றாம் வாரம் காணாமல் போகும் சாத்தியம் நிறைய. கம்பெனிகள் கன்சல்டன்சியோடு போடும் ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட காலத்துக்குள் ஆள் நின்றுவிட்டால் பதிலுக்கு ஆள் தர வேண்டும், அல்லது தொகையைத் திருப்ப வேண்டும் என்று ஒரு வரி இருப்பது வழக்கம். ஆகவே நம் பக்கக் கணக்குக்காகவாவது இன்னும் ஒரு அடுக்கு இறங்க வேண்டும்.

அந்த அடுக்குக்குப் போகும் வாசல் விருப்பத்தைக் கேட்பதில் இல்லை. முன்பு எங்கே வேலை பார்த்தான், ஏன் விட்டான் என்பதில் இருக்கிறது.

'இதுக்கு முன்னாடி எங்கயாவது போனீங்களா?'

'ஒரகடத்துல பதினோரு மாசம் இருந்தேன் மேடம். காண்ட்ராக்ட்.'

'ஏன் நின்னுட்டீங்க?'

இதற்கு நீண்ட நேரம் பதில் வராது. தட்டுகிறார் என்று காட்டும், நிற்கும், மறுபடி காட்டும். இந்த இடத்தில் அவசரப்படுத்தக் கூடாது. 'வாய்ஸ் மெசேஜா கூட அனுப்புங்க, பரவாயில்ல' என்று ஒரு வரி போட்டால் உதவும். எழுத வராத விஷயம் பேச வரும். அப்படி வந்த குரலில் அவன் சொல்கிறான்: அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டில் அம்மா மட்டும். அவன் ரூம் எடுத்து ஒரகடத்தில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓடி போடச் சொல்வார்கள், மாட்டேன் என்றால் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு மாதம் வீட்டுக்குப் போக முடியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் போனவன் திரும்பவில்லை.

இப்போதுதான் தேவை வெளியே வந்தது. 'என்ன வேலை வேணும்' என்று கேட்டிருந்தால் 'எதுவா இருந்தாலும் பரவாயில்லை' என்று சொல்லியிருப்பவனுக்கு, தினமும் வீடு திரும்ப முடியாத வேலை ஆகாது. அப்படிச் சொல்லியிருந்தாலும் அது பொய் ஆகியிருக்காது. வீடு திரும்ப வேண்டும் என்பதைச் சொன்னால் 'அப்படியெல்லாம் வேலை இல்லை' என்று எண்ணை மூடிவிடுவார்களோ என்ற பயம். வந்தவாசிக்காரனான அவனுக்கு வேலை என்றாலே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றுதான் மனத்தில் பதிந்திருக்கிறது. காஞ்சிபுரம் போகும் சாலையிலேயே மாங்கால் கூட்டுரோட்டை ஒட்டி செய்யாறு சிப்காட் இருப்பது அவன் பஸ் ஜன்னலில் பார்த்ததுதான். அங்கே ஷூ கம்பெனிக்குப் பெண்கள் வேனில் போவதைப் பார்த்திருப்பான். ஃபிட்டருக்கு அங்கே இடம் இருக்கும் என்று எண்ணியிருக்க மாட்டான்.

'எதுவானாலும் சரி' என்பதை உடைக்க இன்னொரு வழியும் உண்டு, முன் அனுபவம் இல்லாத புதியவர்களிடம் அதுதான் பயன்படும். 'எந்த மாதிரி வேலைன்னா வேணாம்னு சொல்வீங்க?' என்று கேட்பது. எது வேண்டும் என்று தெரியாதவர்க்கும் எது ஆகாது என்று நன்றாகத் தெரியும். நைட் ஷிஃப்ட் வேண்டாம், நின்றுகொண்டே பார்க்கும் வேலை வேண்டாம், பெயின்ட் வாடை ஒத்துக்கொள்ளாது, ஊர்க்காரர் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனி வேண்டாம். ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு இடத்தை அடிக்கும். எதுவுமே வேண்டாம் என்று சொல்லாமல் மூன்று முறை 'பரவாயில்லை' என்றே வந்தால் இரண்டில் ஒன்று: வீட்டில் கடன் நெருக்குகிறது, நாளையே சம்பளம் ஓட வேண்டும், அல்லது யாரோ நச்சரித்ததற்காக அனுப்பியிருக்கிறார். 'எப்ப சேர முடியும்?' என்ற கேள்வி இந்த இரண்டு பேரையும் பிரித்துவிடும். முதலாமவர் 'நாளைக்கே' என்பார். மற்றவர் 'பார்த்துட்டு சொல்றேன்' என்பார்.

இனி பணம். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், இடமும் தங்குவதும் தெரியாமல் சம்பளத்தைப் பேசினால் அது வெறும் எண். இந்தப் பக்கத்தில் சம்பளம் என்ற ஒரே சொல்லால் மூன்று தொகைகளைச் சொல்கிறார்கள். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐயையும் சேர்த்துச் சொல்வது சிடிசி. பிடித்தங்களுக்கு முன்னால் இருப்பது கிராஸ். கணக்கில் வந்து விழுவது டேக் ஹோம். நோட்டீஸில் பெரும்பாலும் முதலாவது இருக்கும், வேலை தேடுபவர் மனத்தில் எப்போதும் மூன்றாவது இருக்கும்.

இரண்டு இடங்களையும் போட்டுப் பார்ப்போம். ஒரகடத்தில் கிராஸ் 18,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்று கொள்வோம். பிஎஃப்புக்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,560. இஎஸ்ஐக்கு கிராஸில் 0.75 சதவீதம், 139 ரூபாய். கேன்டீனுக்கு 600. கையில் வருவது 16,201. ஆனால் அங்கே தங்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து எடுக்கும் ரூமில் தன் பங்கு, ராத்திரிச் சாப்பாடு, ஞாயிறு சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 என்று அவனே சொல்கிறான். மிச்சம் 12,201. செய்யாறில் கிராஸ் 15,500, அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000. பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 117, கேன்டீன் 400. கையில் 13,543. கம்பெனி பஸ் வந்தவாசி வரை வருகிறது, தூங்குவது வீட்டில். நோட்டீஸில் மூவாயிரம் குறைவாகத் தெரிந்த வேலையில் மாதத்துக்கு 1,342 ரூபாய் அதிகமாக நிற்கிறது.

இந்தக் கணக்கை நாம் போட்டு முடிவை மட்டும் சொல்லக் கூடாது. 'செய்யாறுதான் உங்களுக்கு நல்லது' என்று சொன்னால், சம்பளம் குறைந்த இடத்தில் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைப்பான். அப்படித் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. கூட்டல் கழித்தலை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் போதும். அவன் அதை அம்மாவிடம் காட்டுவான். எதிர்க் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஒரகடத்தில் ஓடி கிடைக்கும், சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி, அதை எடுத்தால் அங்கே தொகை ஏறும். ஞாயிறு வேலைக்குப் பயந்து வந்தவனுக்கு அது பொருந்தாது என்றாலும், தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு.

எந்த இடத்தில் எந்தப் பேரில் சேர்க்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கோடு சேர்ந்தது. கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா, அப்ரன்டிஸா. அப்ரன்டிஸ் சட்டத்தின்படி எடுக்கப்படுபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் அதில் வராது. பிடித்தம் இல்லாததால் கையில் வரும் தொகை பார்க்கப் பெரிதாக இருக்கும். காலம் முடிந்ததும் அனுப்பிவிடலாம், வைத்துக்கொள்ளக் கட்டாயமில்லை. முதன்முறை வருபவருக்கு அது நல்ல தொடக்கம். பதினோரு மாதம் பார்த்துவிட்டு வந்தவனை மறுபடி அதில் உட்கார வைப்பதற்கு முன்னால் அவனுக்கு அது தெரிய வேண்டும்.

இப்போது மேடம் கேட்டதையெல்லாம் ஒரே வாக்கியமாக்கி அவனுக்கே திருப்பி அனுப்புகிறார்: 'ஐடிஐ ஃபிட்டர் பாஸ், ஒரு வருஷத்துக்குக் கிட்ட அனுபவம், வந்தவாசியிலருந்து தினமும் போய் வர்ற மாதிரி, ஞாயிறு லீவு, கையில 13,000க்குக் குறையாம, அடுத்த வாரமே சேரலாம். சரிதானுங்களா?' இந்த வாக்கியம்தான் இத்தனை நேரம் தேடியது. இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மேடம் நாளை விடுப்பில் போனாலும், பக்கத்து இருக்கையில் இருப்பவர் இந்த வரியை மட்டும் படித்துவிட்டு, அவனைக் கூப்பிடாமலே ஒரு புது இடத்தை 'இது இவருக்கு ஆகும், இது ஆகாது' என்று பிரிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி.

அவன் பதிலில் ஒரு திருத்தம் வருகிறது: 'நைட் ஷிஃப்ட் ஓகே மேடம், பஸ் இருந்தா.' இதற்காகத்தான் திருப்பி அனுப்புவது. நாம் கேட்க மறந்ததை அவர்கள் இந்த இடத்தில் தாமாகச் சொல்வார்கள். செய்யாறு கம்பெனியில் இரவு பத்து மணி ஷிஃப்டுக்கும் பஸ் உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் லைன்-அப் போட வேண்டும். அனுப்பும்போது ஒரு இடத்தைத் தனியாக அனுப்பாமல், இரண்டாக அனுப்புவது நல்லது: செய்யாறு முதலில், ஒரகடம் கணக்கோடு இரண்டாவதாக. ஒன்றே ஒன்றைக் கொடுத்தால் மறுக்க முடியாமல் 'சரி' என்பார்கள். இரண்டைக் கொடுத்தால் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தைக் கொடுத்தால் மறுபடி சம்பளத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்க்க வேண்டும்: பெயர். ஐடிஐ சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பழைய கம்பெனியில் தொடங்கிய பிஎஃப் எண்ணில் இன்னொரு விதமாக இருக்கும். பிஎஃப்புக்கு ஆதாரோடு பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பதால், இது முதல் மாதச் சம்பளத்தின்போது தலைவலியாகும். இதற்கு ஆதார் படத்தை வாங்க வேண்டியதில்லை. 'ஆதார்ல உங்க பேரு எப்படி இருக்கு, அப்படியே தட்டி அனுப்புங்க' என்றால் போதும்.

எல்லாத் தேவையும் இப்படிப் பொருந்தி முடிவதில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, மேசையில் எதுவுமே ஆகாது என்று தெரியும் நாள்கள் நிறைய. பகல் வேலை மட்டும், வீட்டிலிருந்து, கையில் இருபதாயிரம், அனுபவம் இல்லை என்று வந்தால் இந்தப் பகுதியில் அதற்கு இடம் இல்லை. அப்போது தேவையின் எந்த நுனி அசையும் என்று கேட்க வேண்டும்: 'தொகையைக் கொஞ்சம் குறைச்சா வீட்டுப் பக்கமே பார்க்கலாம், தொகைதான் முக்கியம்னா தங்கி வேலை பார்க்கணும். எது உங்களுக்கு ஆகும்?' இரண்டும் ஆகாது என்றால், இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். 'இருந்தா சொல்றோம்' என்று விட்டுவிடுவதால் ஒரு ஆள் பத்து நாள் வேறெங்கும் கேட்காமல் காத்திருப்பார். அரசின் தனியார் வேலை இணையதளமான tnprivatejobs.tn.gov.in முகவரியையும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களையும் சொல்லி அனுப்பலாம்.

'ஃபாரின்' என்று வருபவர்களின் பாதை முழுக்க வேறு. அங்கே முதல் கேள்வி பத்தாம் வகுப்பு பாஸா என்பது. வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி தேவையா இல்லையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவர்தான் ஆள் அனுப்ப முடியும். அவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் என்று வரம்பு இருக்கிறது. உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் எண்ணிலிருந்து இந்தப் பேச்சு வந்தால், பதிவு எண்ணைக் கேட்டு emigrate.gov.in தளத்தில் சரிபார்க்காமல் அடுத்த செய்தியை அனுப்பக் கூடாது.

வேலை தேடுகிறவர் பக்கமிருந்து பார்த்தால், இத்தனை கேள்விகளையும் முதல் செய்தியிலேயே அடக்கிவிட முடியும். 'வந்தவாசி. ஐடிஐ ஃபிட்டர் பாஸ், வயசு 22. ஒரகடத்துல 11 மாசம் அசெம்பிளி. தினமும் வீட்டுக்கு வர்ற மாதிரி வேணும், கையில 13,000. அடுத்த வாரம் சேரலாம்.' இவ்வளவுதான். இதில் ஆதார் எண் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, அப்பாவின் உடம்பைப் பற்றிய விளக்கம்கூட இல்லை. 'தினமும் வீட்டுக்கு' என்ற இரண்டு சொல் அதைச் சொல்லிவிடுகிறது. இந்தச் செய்தியைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டு நாலு கன்சல்டன்சிக்கும் அப்படியே அனுப்பலாம். வரும் பதிலைப் பார்த்தே ஆளையும் எடை போடலாம். உங்கள் வரியில் இருப்பதைப் படித்துவிட்டு அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பவர் வேலை தெரிந்தவர். எட்டு இடங்களையும் அப்படியே ஒட்டி அனுப்புபவர் உங்கள் செய்தியைப் படிக்கவில்லை. பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் பணம், கேட் பாஸ் என்று எதையாவது சொல்லி நேர்காணலுக்கு முன்னாலேயே ஜிபே எண் அனுப்புபவரிடம் வேலையே இருக்காது.